வளாகத்துக்கு ஒரு 11 கே.வி. வளையம்

பொறியியல் கல்லூரி, பெரிய மருத்துவமனை, தொழில்நுட்பப் பூங்கா போன்ற வளாகங்கள் மின்வாரியத்திடம் 11 கே.வி. அழுத்தத்தில் மின்சாரம் வாங்குகின்றன. எல்லா டிரான்ஸ்ஃபார்மர்களையும் வாசலிலேயே நிறுத்தி, அங்கிருந்து 433 வோல்ட்டில் கிலோமீட்டர் தூரத்துக்குக் கேபிள் இழுத்தால் செம்பும் அலுமினியமும் மலைபோல் வேண்டும். மின்னழுத்தமும் வழியிலேயே விழுந்துவிடும். ஆகவே 11 கே.வி. கேபிளையே வளாகத்துக்குள் சுற்றவிட்டு, விடுதி, ஆய்வகம், நூலகம் என ஒவ்வொரு சுமைக்கும் அருகில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைப்பது வழக்கம். அந்தக் கேபிள் வாசல் அறையில் தொடங்கி எல்லா டிரான்ஸ்ஃபார்மர்களையும் தொட்டுவிட்டு மீண்டும் வாசல் அறைக்கே வந்து சேரும். இதுதான் வளையம். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்திலும் வளையத்தை வெட்டவும் சேர்க்கவும் உதவும் இரும்புப் பெட்டிதான் ரிங் மெயின் யூனிட், சுருக்கமாக ஆர்.எம்.யு.

இந்தப் பெட்டியில் குறைந்தது மூன்று வழிகள் இருக்கும். வளையக் கேபிள் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று. வளையத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஒரு சுவிட்சை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். அதனால் மின்சாரம் இரண்டு பக்கமிருந்தும் வந்து, அந்தத் திறந்த இடத்தோடு நின்றுவிடும். எங்காவது கேபிள் பழுதானால் அந்தத் துண்டை மட்டும் இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, திறந்திருந்த சுவிட்சை மூடினால் எல்லாக் கட்டடங்களுக்கும் மறுபடி மின்சாரம் கிடைக்கும்.

பெட்டியை எந்தத் திறனில் வாங்குவது, கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர், ரிலேயை எங்கே நிறுத்துவது ஆகிய மூன்று கேள்விகளும் பெரும்பாலான திட்டங்களில் மூன்று தனித்தனி மேசைகளில் முடிவாகின்றன. பெட்டியை விற்பனையாளர் சொல்கிறார். கேபிளை ஒப்பந்தக்காரர் சுமையைப் பார்த்து முடிவு செய்கிறார். ரிலே, வேலை முடிந்து மின்சாரம் கொடுக்கும் நாளன்று யாரோ ஒருவரின் கையில் அமைகிறது. உண்மையில் மூன்றும் ஒரே கணக்கின் பகுதிகள். அந்தக் கணக்கு சுமை மின்னோட்டத்திலிருந்து அல்ல, பழுது மின்னோட்டத்திலிருந்து தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வளாகத்தை வைத்துக்கொள்ளலாம். நான்கு இடங்களில் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்று. மின்வாரியத்திடம் பதிந்த உச்சத் தேவை 2500 கே.வி.ஏ. வளையத்தின் மொத்த நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. 11 கே.வி.யில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை 52.5 ஆம்பியர், வளாகத்தின் உச்சத் தேவை 131 ஆம்பியர். கல்லூரிகள் வளராமல் இருப்பதில்லை என்பதால் வளையக் கேபிளை 165 ஆம்பியருக்குத் திட்டமிடுவது நியாயம்.

பழுது மின்னோட்டம் எவ்வளவு?

கேபிளின் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், மின்னோட்டத்தைத் தடுப்பதற்கு வழியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் மட்டுமே மிஞ்சும். இந்த வளாகத்துக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையத்தில் 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதன் மின்மறுப்பு 10 சதவீதம் என்றால், அந்த நிலையத்தின் 11 கே.வி. பக்கத்தில் பழுது ஏற்படும்போது அதிகபட்சம் 16-ஐ 0.10-ஆல் வகுத்தால் வரும் 160 எம்.வி.ஏ., அதாவது 8.4 கிலோ ஆம்பியர், பாயும். அதற்கு மேல் அந்த டிரான்ஸ்ஃபார்மர் விடாது.

நிலையத்திலிருந்து வளாக வாசல் வரை 2 கிலோமீட்டர் கேபிள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் மறுப்பு 0.756 ஓம். 240 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் என்றால் இரண்டு கிலோமீட்டருக்கு அது சுமார் 0.32 ஓம் தடையும் 0.17 ஓம் மின்மறுப்பும் சேர்க்கும். கூட்டிப் பார்த்தால்:

```
Z = √(0.32² + 0.93²) = 0.98 Ω
I = 11000 / (√3 × 0.98) ≈ 6.5 kA
```

வாசலில் 6.5 கிலோ ஆம்பியர்; வளையத்தின் தொலைவு முனையில் சுமார் 5.8. அங்கே மூன்று கம்பிக்குப் பதில் இரண்டு மட்டும் தொட்டுக்கொண்டால் அதில் 87 சதவீதம், ஏறத்தாழ 5 கிலோ ஆம்பியர்.

ஆனால் இது இன்றைய எண். மின்வாரியம் நாளை 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 25 எம்.வி.ஏ. வைத்தால், அதே 10 சதவீத மறுப்புக்கு நிலையத்தில் 250 எம்.வி.ஏ., அதாவது 13.1 கிலோ ஆம்பியர் வரும். பெரிய வளாகங்களின் ஓரத்திலேயே வாரியம் புதிய துணைமின் நிலையம் எழுப்புவதும் உண்டு. அப்போது 2 கிலோமீட்டர் கேபிள் தந்த பாதுகாப்பும் போய்விடும். பூமிக்குள் புதைக்கும் கேபிளுக்கு 30 ஆண்டு ஆயுள் எதிர்பார்க்கிறார்கள் என்பதால், சாதனங்களையும் கேபிளையும் 13.1-க்குத் தேர்வது நல்லது. ரிலே அமைப்புக்கோ இன்றைய எண்தான் வேண்டும். அதிலும் மிகச் சிறிய பழுதின் எண் வேண்டும். பெரிய எண்ணை வைத்து ரிலேயை அமைத்தால், சிறிய பழுதை அது காணாமல் விட்டுவிடக்கூடும். பெட்டிக்கும் கேபிளுக்கும் அதிகபட்சம், ரிலேக்குக் குறைந்தபட்சம். இந்த வேறுபாட்டை மறந்து எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதுதான் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் பிழை.

மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்வதைவிட, பழுது அளவையும் அவர்கள் பக்கத்து ரிலே அமைப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். இந்த இரண்டு எண்களும் இல்லாமல் மேலே எழுதும் எதுவும் ஊகமே.

பெட்டியில் எந்த வழியில் எது?

11 கே.வி. அமைப்புக்கு 12 கே.வி. தரமுள்ள பெட்டி, 75 கே.வி. இடித் தாங்குதிறன், 630 ஆம்பியர் பஸ்பார், 3 விநாடிக்கு 20 அல்லது 21 கிலோ ஆம்பியர் தாங்குதிறன். இந்தியச் சந்தையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இதே தரம். 13.1-க்கு 20 போதுமானது. இதில் யோசிக்க அதிகம் இல்லை. யோசிக்க வேண்டியது ஒவ்வொரு வழியிலும் என்ன கருவி இருக்கிறது என்பதில்.

வளைய வழிகளில் இருப்பது லோடு பிரேக் சுவிட்ச். 630 ஆம்பியர் சுமையை அது துண்டிக்கும். பழுதின் மீது மூட நேர்ந்தாலும் தாங்கும். 20 கிலோ ஆம்பியர் பெட்டியில் அதன் மூடுதிறன் உச்சி அளவில் 50 கிலோ ஆம்பியர். ஆனால் பழுது மின்னோட்டத்தைத் துண்டிக்க அதனால் முடியாது. பணியாளர் தெரியாமல் பழுதான கேபிளின் மீது சுவிட்சை மூடிவிட்டால் பெட்டி தாங்கிக்கொள்ளும். துண்டிக்கும் வேலையை மேலே உள்ள பிரேக்கர்தான் செய்யும். அதிர்ச்சியில் அந்தக் கைப்பிடியை உடனே திரும்ப இழுக்க முயல்வதுதான் ஆபத்து. மூடிய உடனே திறக்க முடியாதபடி தாமதம் தரும் கைப்பிடிகள் இதற்காகவே செய்யப்படுகின்றன. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வழிக்கு இரண்டு தேர்வுகள் உண்டு: ஃபியூஸ் சேர்ந்த சுவிட்ச், அல்லது ரிலேயோடு கூடிய வேக்குவம் பிரேக்கர். ஃபியூஸ் மலிவு, பெரிய பழுதை முதல் அரைச்சுற்றுக்குள்ளேயே அறுத்துவிடும். ஒரு ஃபியூஸ் போனாலும் அதன் முனையிலுள்ள முள் வெளிவந்து மூன்று கட்டங்களையும் திறந்துவிடும். ஆனால் போனது ஒன்றேயானாலும் மூன்றையும் மாற்ற வேண்டும். மற்ற இரண்டும் உள்ளுக்குள் பாதி உருகியிருக்கலாம். சரியான அளவு ஃபியூஸ் நள்ளிரவில் கைக்குக் கிடைக்காது என்பது எந்த எலெக்ட்ரீஷியனும் அறிந்தது. 1000 கே.வி.ஏ. அளவுக்கு வந்துவிட்டால் பிரேக்கரே மேல்.

வாசல் அறையில் மட்டும் மூன்று பிரேக்கர்கள் வேண்டும். மின்வாரியத்திலிருந்து வரும் வழிக்கு ஒன்று, வளையத்தின் இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொன்று. செலவைக் குறைக்க வளைய முனைகளிலும் சுவிட்சையே வைத்துவிடும் வளாகங்கள் உண்டு. அங்கே வளையத்தில் எங்கே பழுதானாலும் மொத்த வளாகமும் இருண்டுவிடும்.

பெட்டியின் உள்ளே நிரப்பும் வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆர்.எம்.யு.க்களில் எஸ்.எஃப்.6 வாயு மூடிய தொட்டியில் இருக்கும். தூசி, ஈரம், பல்லி எதுவும் அண்டாது. ஆனால் புவி வெப்பமாவதில் அது கார்பன் டைஆக்ஸைடைப் போல 23,000 மடங்குக்கு மேல் பங்களிக்கும் வாயு. 24 கே.வி. வரையிலான புதிய சுவிட்ச்கியர்களில் இத்தகைய வாயுக்களை ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. உலர்காற்று நிரப்பிய பெட்டிகள் சந்தைக்கு வந்துவிட்டன. விலைப்புள்ளி கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

ரிலேயின் படிகள்

கேபிளுக்குப் போகும் முன் ரிலேக்குப் போவது வேண்டுமென்றேதான். பழுது மின்னோட்டம் கேபிளில் எவ்வளவு நேரம் பாயும் என்பதை ரிலேதான் தீர்மானிக்கிறது. அந்த நேரம் தெரியாமல் கேபிளின் அளவைச் சொல்ல முடியாது.

நான்கு படிகள் இருக்கின்றன. அடியில் டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர். அதற்கு மேல் வளைய முனைப் பிரேக்கர். அதற்கு மேல் வாசல் பிரேக்கர். உச்சியில் மின்வாரியத்தின் துணைமின் நிலையப் பிரேக்கர். பழுதுக்கு மிக அருகில் உள்ளது முதலில் திறக்க வேண்டும். அது திறக்கத் தவறினால் மட்டுமே அடுத்தது. மின்வாரியம் தன் ரிலே பெரிய பழுதுக்கு 0.7 விநாடியில் இயங்கும் என்று எழுதித் தந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த 0.7-க்குள்தான் வளாகத்தின் மூன்று படிகளையும் அடுக்க வேண்டும். நவீன டிஜிட்டல் ரிலேக்களுக்கு இரண்டு படிகளுக்கு இடையே கால் விநாடி போதும். ஆக வாசல் பிரேக்கருக்கு 0.45 விநாடி, வளைய முனைக்கு 0.2 விநாடி, டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கருக்குத் தாமதமே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கரின் ரிலேயைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தாமதமில்லாமல் இயங்கும் அமைப்பை எத்தனை ஆம்பியரில் வைப்பது? டிரான்ஸ்ஃபார்மரின் மறுப்பு 5 சதவீதம் என்றால், அதன் 433 வோல்ட் பக்கத்தில் எவ்வளவு மோசமான பழுது ஏற்பட்டாலும் 11 கே.வி. பக்கத்தில் 52.5-இன் 20 மடங்கு, அதாவது 1050 ஆம்பியருக்கு மேல் தெரியாது. மேலே உள்ள கேபிளையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த வளாகத்தில் அது 900 ஆம்பியர்தான்; கீழே 433 வோல்ட்டில் அதுவே 23 கிலோ ஆம்பியர். அந்தப் பழுதைக் கீழே உள்ள ஏ.சி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும், மேல் ரிலே அவசரப்படக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரை முதலில் போடும்போது முழுச்சுமையைப் போல 8 முதல் 12 மடங்கு வரை, அதாவது 630 ஆம்பியர் வரை ஒரு கணம் இழுக்கும். அதற்கும் ரிலே அசையக் கூடாது. ஆனால் 11 கே.வி. பக்கத்தில் உண்மையான பழுது என்றால் குறைந்தது 5000 ஆம்பியர் வரும். ஆக 1050-க்கும் 5000-க்கும் நடுவே அகலமான ஓர் இடைவெளி இருக்கிறது. 1400 ஆம்பியரில் நிறுத்தினால் கீழ்ப்பக்கப் பழுது எதற்கும் அது இயங்காது. மேல்பக்கப் பழுது எதையும் விட்டுவிடாது. டிரான்ஸ்ஃபார்மர் பாதுகாப்பில் இவ்வளவு சுத்தமாகப் பிரியும் எல்லைக்கோடு வேறெங்கும் அமைவதில்லை.

தாமதத்தோடு இயங்கும் கீழ் அமைப்பு 65 ஆம்பியரில் தொடங்கலாம். வழக்கமான ஐ.இ.சி. வளைவில் பெருக்கி 0.2 என்று வைத்தால், கீழ்ப்பக்கப் பழுதின் 900 ஆம்பியருக்கு நேரம் இப்படி வரும்:

```
t = TMS × 0.14 / ((I/Is)^0.02 − 1)
t = 0.2 × 0.14 / ((900/65)^0.02 − 1) ≈ 0.52 s
```

ஏ.சி.பி. 0.2 விநாடியில் இயங்குமானால் 0.3 விநாடி இடைவெளி கிடைக்கிறது. ஏ.சி.பி. இயங்கத் தவறினாலும் அரை விநாடியில் மேல் பிரேக்கர் திறந்துவிடும்.

இந்த இடத்தில் சி.டி.யின் தேர்வு எல்லாக் கணக்கையும் கெடுக்கக்கூடும். முழுச்சுமை 52 ஆம்பியர்தானே என்று 50/1 விகிதத்தில் 5P10 வகுப்பு சி.டி. வாங்கினால், அது 500 ஆம்பியர் வரைதான் நம்பகமாக அளக்கும் என்பது உத்தரவாதம். 1400-இல் அமைத்த ரிலேக்கு அந்த 1400 சரியாகப் போய்ச் சேருமா என்பது நிச்சயமில்லை. 100/1 விகிதத்தில் 5P20 என்றால் 2000 ஆம்பியர் வரை உறுதி. அதோடு, ஆர்.எம்.யு.வில் வரும் ரிலேக்கள் பலவும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சி.டி.யிலிருந்தே எடுத்துக்கொள்பவை. அரைகுறைச் சுமையில் அவை உறங்கிக்கொண்டிருக்கும். மிகச் சிறிய நிலக்கசிவுப் பழுதை அவற்றால் கவனிக்க முடியாது. விழித்துக்கொள்ள எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

வளைய முனை ரிலேயை 2500 ஆம்பியர், 0.2 விநாடியிலும், வாசல் ரிலேயை 3000 ஆம்பியர், 0.45 விநாடியிலும் வைக்கலாம். 2500 ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும்போது நான்கு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். நான்கும் சேர்ந்து இழுக்கும் முதல் வீச்சு 2000 ஆம்பியரைத் தொடலாம். ‘கரண்ட் வந்தாலே பிரேக்கர் விழுகிறது’ என்ற புகார் எழும் வளாகங்களில் பெரும்பாலும் காரணம் இதுதான். கேபிளில் பழுது தேடுவது வீண்.

இப்போது கேபிள்

அலுமினியக் கம்பியும் எக்ஸ்.எல்.பி.இ. காப்பும் கொண்ட கேபிள், சாதாரணமாக 90 டிகிரி வெப்பத்தில் ஓடலாம். பழுதின்போது சில நொடிகளுக்கு 250 டிகிரி வரை தாங்கும். அந்த 160 டிகிரி ஏற்றத்துக்குள் அடங்க வேண்டிய குறுக்குவெட்டு இது:

```
S = I × √t / 94      (I ஆம்பியர், t விநாடி, S சதுர மி.மீ.)
```

டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆர்.எம்.யு.வுக்கும் நடுவே பத்து மீட்டர் கேபிள். சுமை 52.5 ஆம்பியர், அதற்கு 35 சதுர மி.மீ. தாராளம் என்று பட்டியல் சொல்லும். ஆனால் 35 சதுர மி.மீ. கேபிள் இன்றைய 6.5 கிலோ ஆம்பியரை 0.26 விநாடிதான் தாங்கும், 13.1 வந்தால் 0.06 விநாடி. டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர் நினைத்தபடி இயங்கினாலே 0.1 விநாடி ஆகும். அது தவறி, வளைய முனைப் பிரேக்கர் திறக்க வேண்டியிருந்தால் ரிலேயின் 0.2 விநாடியும் பிரேக்கர் திறக்கும் நேரமும் சேர்ந்து 0.3 விநாடி. 13.1 கிலோ ஆம்பியருக்கு 0.3 விநாடி என்றால் 76 சதுர மி.மீ.; சந்தையில் அடுத்த அளவு 95. சுமை கேட்டதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஃபியூஸ் வைத்திருந்தால் கதை வேறு: ஃபியூஸ் மின்னோட்டத்தை உச்சிக்கு ஏறவே விடாததால் சிறிய கேபிளே போதுமாகியிருக்கும்.

வளையக் கேபிளுக்குப் பின்காப்பு வாசல் பிரேக்கர்: 0.45 விநாடியோடு திறக்கும் நேரம் சேர்த்து 0.55. கணக்கு 103 சதுர மி.மீ. தருகிறது; அடுத்த அளவு 120. சுமைப் பக்கம் பார்த்தால், 120 சதுர மி.மீ. மூன்று கோர் அலுமினியக் கேபிள் மண்ணில் சுமார் 210 ஆம்பியர் கொண்டுபோகும். நம் ஊர் மண்ணின் வெப்பம், கூடவே ஓடும் மற்றக் கேபிள்கள், சாலையைக் கடக்கும் குழாய்கள் ஆகியவற்றுக்காக இருபது சதவீதம் குறைத்தால் 168. தேவை 165. ஒட்டி நிற்கிறது, 150 சதுர மி.மீ. எடுப்பதே புத்திசாலித்தனம். வாசலுக்குள் வரும் கேபிளுக்கு மின்வாரியப் பிரேக்கரே காவல் என்பதால் 0.8 விநாடி, கணக்கு 125, எடுப்பது அங்கும் 150. மின்னழுத்த வீழ்ச்சியைச் சரிபார்த்தால், 600 மீட்டருக்கு 131 ஆம்பியரில் 40 வோல்ட்டுக்கும் குறைவு. 11,000-இல் அது பொருட்டே அல்ல.

இந்தக் கணக்கின் வழியே போகாதவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் இங்கே விளங்கும். ஆர்.எம்.யு.வின் பெயர்ப்பலகையில் ‘20 கிலோ ஆம்பியர், 3 விநாடி’ என்று இருப்பதைப் பார்த்து, கேபிளும் அதையே தாங்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியில் எழுதிவிடுவார்கள். 20,000 ஆம்பியருக்கு 3 விநாடி என்றால் 369 சதுர மி.மீ. வரும், எடுக்க வேண்டியது 400. தேவையானதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அலுமினியம். அதைவிடக் கொடுமை, அந்தத் தடித்த கேபிளை ஆர்.எம்.யு.வின் சின்னக் கேபிள் பெட்டிக்குள் வளைத்து முடிப்பது. முறுக்கி நிற்கும் கேபிள் முனையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் பழுது அந்த முனையிலிருந்துதான் பிறக்கும். 3 விநாடி என்பது பெட்டிக்கு உற்பத்தியாளர் தரும் தாங்குதிறன். வளாகத்தில் எந்தப் பழுதும் அவ்வளவு நேரம் ஓடப்போவதில்லை.

கம்பியோடு கணக்கு முடிவதில்லை. நிலக்கசிவுப் பழுதில் மின்னோட்டம் திரும்புவது கேபிளின் செம்புத் திரை வழியாகவும் எஃகுக் கவசம் வழியாகவும்தான். மெல்லிய செம்பு நாடா மட்டும் பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. திரையும் கவசமும் சேர்ந்து ஒரு விநாடிக்கு எவ்வளவு தாங்கும் என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். கவசத்தை இரண்டு முனையிலும் நன்றாக நிலத்தோடு இணைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் மேல்பக்கச் சுருள் டெல்டா இணைப்பில் இருப்பதால், 433 வோல்ட் பக்கத்து நிலக்கசிவு 11 கே.வி. நிலக்கசிவு ரிலேக்குத் தெரியாது. ஆகவே அந்த ரிலேயைச் சில பத்து ஆம்பியரிலேயே, குறைந்த தாமதத்தோடு வைக்கலாம். கீழ்ப்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழுது வந்த அன்று

புதிய கட்டட வேலைக்கு வந்த ஜே.சி.பி. இரண்டாம், மூன்றாம் பெட்டிகளுக்கு நடுவே கேபிளைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 11 கே.வி. கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்தில், மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் போடப்பட்டிருக்க வேண்டும். அப்படி இருந்தும் இது நடக்கத்தான் செய்கிறது. மூன்றாம் பெட்டிக்கும் நான்காம் பெட்டிக்கும் நடுவேதான் வளையம் வழக்கமாகத் திறந்திருக்கிறது. முதல் முனையின் பிரேக்கர் கால் விநாடியில் விழும், ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய பெட்டிகள் இருளும், நான்காவது பாதிக்கப்படாது. பணியாளர் ஒவ்வொரு பெட்டியிலும் பழுது காட்டியைப் பார்க்கிறார். முதல் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. இரண்டாவதிலும் மின்னுகிறது. மூன்றாவதில் இல்லை. பழுது மின்னோட்டம் இரண்டாவது வரை வந்து, மூன்றாவதை எட்டவில்லை; ஆகவே பழுது இரண்டுக்கும் நடுவே. அந்தத் துண்டின் இரு முனைச் சுவிட்சுகளையும் திறந்து, விழுந்த பிரேக்கரை மூடினால் முதல் இரண்டுக்கும் மின்சாரம் வரும். திறந்த இடத்தை மூடினால் மூன்றாவதுக்கும் வந்துவிடும். பழுது காட்டி என்பது சிறு கருவி. செலவைக் குறைக்கும்போது பட்டியலிலிருந்து முதலில் அடிபடுவதும் அதுதான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டாக மூடிப் பார்த்து, பழுதின் மீது திரும்பத் திரும்ப மின்சாரம் பாய்ச்சித் தேட வேண்டியிருக்கும்.

வளாகத்தின் ஜெனரேட்டர் 433 வோல்ட் பக்கத்தில் அந்தந்தக் கட்டடத்துக்கு மட்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் மாறாது. ஆனால் ஒரு பொது ஜெனரேட்டரை 11 கே.வி.க்கு ஏற்றி வளையத்தில் ஊட்டினால் கணக்கே தலைகீழாகும். 1000 கே.வி.ஏ. ஜெனரேட்டர் பழுதின்போது தொடர்ந்து தரக்கூடியது தன் முழுச்சுமையைப் போல மூன்று மடங்கு, 11 கே.வி.யில் அது சுமார் 157 ஆம்பியர். உச்சத் தேவையை ஒட்டி 160 ஆம்பியரில் தொடங்கும் வாசல், வளைய ரிலேக்களுக்கு அது சுமையாகவே தோன்றும். பழுது எரிந்துகொண்டிருக்க, ரிலே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கென்றே டிஜிட்டல் ரிலேக்களில் இரண்டாவது அமைப்புத் தொகுதி இருக்கிறது. ஜெனரேட்டர் பிரேக்கர் மூடும்போது ரிலே தானாகவே அந்தத் தொகுதிக்கு மாறும்படி ஒரு சிறு கம்பி இணைப்பு கொடுத்தால் போதும்.

வேலை முடித்து ஒப்படைக்கும்போது ஒப்பந்தக்காரர் தரும் கோப்பில் மூன்று தாள்கள் இருக்கின்றனவா என்று வளாக நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும்: மின்வாரியம் தந்த பழுது அளவும் அவர்கள் ரிலே அமைப்பும் கொண்ட கடிதம், நான்கு படிகளையும் ஒரே தாளில் வரைந்த ரிலே வளைவு, ஒவ்வொரு ரிலேக்கும் மின்னோட்டம் செலுத்திச் சோதித்த அறிக்கை. மூன்றாவது தாள் இல்லையென்றால், ரிலேக்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பிலேயே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு, சோதனையைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.